அளந்தவர் யார்?

விஞ்ஞான மாணவர் எழுதும் பரிசோதனை அறிக்கைகளில் மிகுதியாக வரும் வினைமுற்று ‘அளக்கப்பட்டது’ என்பதாகும். நீளம் அளக்கப்பட்டது, நேரம் குறிக்கப்பட்டது, வாசிப்பு எடுக்கப்பட்டது என்று அறிக்கை நடைபோடும். செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதியுண்டு: செய்தவன் யாரென்று கூறாமலே வாக்கியம் நிறைவு பெற்றுவிடும். யார் அளந்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பது விஞ்ஞானத்தின் கொள்கையாதலின், இந் நடை அதற்குப் பொருத்தமானதே. ஆனால் அறிக்கையை எழுதுபவன் ஊசலைத் தொட்டதுமில்லை, கடிகாரத்தைப் பிடித்ததுமில்லை என்னும் நிலையில், இதே வினைமுற்று பொய்யொன்றும் கூறாமலே பொய்யான எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. ‘அளந்தவர் யார்?’ என்னும் வினாவை மொழியே மூடிவிடுகிறது.

இவ்வினா இன்று புதிதாக எழுந்ததன்று. ஆய்வுகூடமில்லாத பாடசாலைகளில் ஆசிரியர் கரும்பலகையில் வாசிப்புகளை எழுதிவிட, மாணவர் அவற்றைக் கொண்டு அறிக்கை எழுதுவது பழைய வழக்கம். 2020இல் கொள்ளைநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கணினித் திரையிலாடும் ஊசல்களும் இவ்வழக்கத்தோடு சேர்ந்துகொண்டன. பிறர் தந்த தரவுகளைக் கொண்டு எழுதுவது குற்றமன்று. யோகான் கெப்ளர் செவ்வாய்க் கோளின் பாதையை ஆராய்ந்தது 1601இல் மறைந்த டைக்கோ பிராகி விட்டுச்சென்ற அவதானிப்புகளைக் கொண்டேயாம். கெப்ளரின் தொடக்கக் கணிப்பு அவ் அவதானிப்புகளிலிருந்து 8 கலை அளவே விலகிற்று. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. வேறொருவர் அளந்திருந்தால் அதனைப் புறக்கணித்திருக்கலாம். அளந்தவர் டைக்கோ, அவர் அவ்வளவுக்குத் தவறமாட்டார் என்பதைக் கெப்ளர் அறிந்திருந்தார். ஆகவே கணிப்பைக் கைவிட்டார். 1609இல் வெளியான அவரது நூலில் நீள்வட்டப் பாதை இடம்பெற்றது. அளந்தவர் யாரென்னும் செய்தி அங்கே முகவுரையில் கூறும் நன்றியுரையாக நில்லாது, முடிபையே தாங்கும் தூணாக நின்றது.

இதனை நமது வகுப்பறை அளவில் நோக்குவோம். எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணிதல் உயர்தர மாணவர் யாவரும் அறிந்த பரிசோதனை. ஆசிரியர் நான்கு வாசிப்புகளைத் தருகிறார் எனக் கொள்வோம். ஊசலின் நீளம் 0.40, 0.60, 0.80, 1.00 மீற்றர்; 20 அலைவுகளுக்கான நேரம் முறையே 25.7, 31.4, 36.2, 40.4 செக்கன். ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் தனித்தனியே ஆர்முடுகலைக் கணித்தால் 9.56, 9.61, 9.64, 9.68 எனப் படிப்படியாக ஏறுகின்றது. மாறிலியாக இருக்கவேண்டியது ஏறுவானேன்? அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைபாக வரைந்தால் நேர்கோடு கிடைக்கிறது. அதன் படித்திறனிலிருந்து வரும் பெறுமானம் 9.75. ஆனால் கோடு உற்பத்திப் புள்ளிக்கூடாகச் செல்லாது சற்று மேலே வெட்டுகிறது. ஒவ்வொரு நீளமும் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் குறைவாக அளக்கப்பட்டிருந்தால் இவ்வாறு நிகழும். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளவாது மேற்பரப்பு வரை மட்டும் அளந்திருக்கலாம்.

இருக்கலாம் என்றே நாம் கூறலாம். இருந்தது என்று கூறமுடியாது. கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் சற்றே தாமதித்து நிறுத்தினாலும் இதனையொத்த போக்குத் தோன்றும். அளந்தவனாயின் குண்டையும் அளவுகோலையும் மீண்டும் ஒருமுறை நோக்கி ஐயந்தீர்த்துக்கொள்வான். அளவாதவனுக்கு எண்களே உண்டு. அவன் நேர்மையாக எழுதக்கூடியது இதுவே: ‘இவ் வாசிப்புகளை நான் எடுக்கவில்லை, ஆசிரியர் தந்தார். நீளம் குண்டின் எவ்விடம் வரை அளக்கப்பட்டது என்பது தரப்படவில்லை. வரைபின் வெட்டுத்துண்டு 8 மில்லிமீற்றர் அளவான நீள வழுவைச் சுட்டுகிறது. நேர வழுவும் காரணமாகலாம்.’ மாறாக, ‘குண்டின் மையம் வரை நீளம் கவனமாக அளக்கப்பட்டது’ என்று பாடநூல் வாக்கியத்தை அவன் பெயர்த்தெழுதினால், தன் கண்முன்னுள்ள வரைபே கூறும் செய்தியைத் தானே மறுத்தவனாகிறான். பொய்யுரை அறிவைக் கெடுப்பது இவ்விடத்திலேதான்.

திரையிலாடும் ஊசலின் நிலை இன்னும் வேறானது. அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் ‘ஃபெட்’ தொகுதியிலுள்ள ஊசலை எடுத்துக்கொள்வோம். அங்கே புவி, சந்திரன், வியாழன் என்று விரும்பிய இடத்தைத் தெரியலாம். உராய்வை இல்லாமலே செய்துவிடலாம். புவியைத் தெரிந்து கணித்தால் 9.81 கிடைக்கும். கிடைக்காமல் என் செய்யும்? அந்த எண்ணை நிரல் எழுதியவர் முன்னரே உள்ளே வைத்துவிட்டார். வைத்ததை மாணவன் எடுத்தான். இலங்கையில் உண்மையான ஆர்முடுகல் ஏறத்தாழ 9.78 ஆகும். நிறுத்தற் கடிகாரத்தோடு செய்யும் பாடசாலைப் பரிசோதனைக்கு இவ் வேறுபாடு எட்டாதாயினும், ‘யாழ்ப்பாணத்தில் புவியீர்ப்பு ஆர்முடுகல் துணியப்பட்டது’ என்னும் வாக்கியம் அங்கே பொருளற்றது. யாழ்ப்பாணம் அந்தத் திரைக்குள் இல்லை. சமன்பாட்டை நிரல் பின்பற்றுகிறதா என்பதே சோதிக்கப்பட்டது.

இத்தகைய அறிக்கைகளின் வழுப்பகுதியைப் படிப்பவர் சிரிக்காமலிருப்பது அரிது. ‘காற்றுத் தடை, காற்றோட்டம், நூலின் நீட்சி ஆகியவற்றால் வழு ஏற்பட்டது’ என்று எழுதியிருக்கும். திரைக்குள் காற்று வீசுவதில்லை. ஆனால் அவ்வூசலிடம் கேட்கத்தக்க நல்ல வினாக்கள் உள. வீச்சை 60 பாகை வரை உயர்த்தினால் அலைவுகாலம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. சிறு வீச்சு என்னும் நிபந்தனையைப் பாடநூல் ஏன் விதிக்கிறது என்பது அப்போது விளங்கும். அதற்கு மாணவன் செய்யவேண்டியது, தான் பயன்படுத்தியது இன்ன மாதிரியம், தெரிந்த இடம் இது, உராய்வு இவ்வளவு, வீச்சு இவ்வளவு என்று செய்முறையின் முதல் வரியிலேயே எழுதுவது. அடிக்குறிப்பில் ஒளித்துவைப்பது போதாது. அட்டவணையின் தலைப்பிலும் அது இருத்தல் வேண்டும். அட்டவணையைத் தனியே பிரித்தெடுத்துப் படிப்போரே பலராவர்.

இவ்வளவு எளிதான ஒரு வரியை மாணவர் ஏன் எழுதத் தயங்குகின்றனர்? புள்ளி குறையும் என்னும் அச்சம் ஒன்று. அதனினும் ஆழமானது வெட்கம். ‘நான் அளக்கவில்லை’ என்று எழுதுவது ‘எம்மிடம் ஆய்வுகூடமில்லை’ என்று எழுதுவதற்குச் சமமாகிறது. பின்தங்கிய பகுதிப் பாடசாலையின் பிள்ளை, நகரத்துப் பெரிய கல்லூரியின் பிள்ளை எழுதும் அதே வாக்கியத்தை எழுதித் தன்னை அவனுக்கு நிகராக்கிக்கொள்ள விழைகிறது. அவ்விழைவை இகழ நமக்கு உரிமையில்லை. வறுமையைப் பிள்ளையின் கையெழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, அதற்காகவே புள்ளியையும் வெட்டும் முறையே இகழத்தக்கது.

ஆனால் அவ் வாக்கியத்தின் விளைவை எண்ணிப்பார்க்கவேண்டும். நூறு பாடசாலைகளின் அறிக்கைகளும் ‘அளக்கப்பட்டது’ என்றே கூறுமாயின், காகிதத்தில் நூறு பாடசாலைகளிலும் ஊசல் ஆடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. இல்லாத ஆய்வுகூடம் இருப்பதாகப் பதிவாகிவிடுகிறது. உபகரணம் கேட்டு அதிபர் எழுதும் கடிதத்துக்கு எதிரான சாட்சியாக அவர் தம் மாணவரின் கொப்பிகளே நிற்கின்றன. ஒடுக்கப்பட்டோர் தம் இல்லாமையைத் தாமே மறைத்துக் கொடுக்கும் இந்த உதவியால் இலாபமடைவோர் யாரென்று கூறவேண்டியதில்லை.

மறைக்கப்படுவது இல்லாமை மட்டுமன்று. அந்த நான்கு வாசிப்புகளையும் யாரோ ஒருவர் எடுத்தார். பாடசாலை விட்டபின் தனியே நின்று நூலைக் கட்டி, அலைவுகளை எண்ணிய ஆசிரியராக அவர் இருக்கலாம். முந்திய ஆண்டு மாணவராகவும் இருக்கலாம். அவ் உழைப்புக்கு அறிக்கையில் ஓர் எழுவாய் உரியது.

மாணவருக்கு நேர்மையைப் போதிக்குமுன் ஆசிரியர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வாசிப்புகளைத் தரும்போது, அவற்றை எடுத்தவர், எடுத்த நாள், கடிகாரத்தின் இழிவெண்ணிக்கை, நீளம் அளந்த முறை ஆகியவற்றையும் கரும்பலகையில் எழுதவேண்டும். எண்கள் சீராக அமையவேண்டுமென்று தாமே இட்டுக்கட்டியிருந்தால் அதனையும் எழுதவேண்டும். இவை தரப்படாவிடின் மாணவன் எவ்வளவு நேர்மையாளனாயினும் எதனை எழுதுவான்? புள்ளித் திட்டத்திலும் தரவு வந்தவழியைக் கூறும் வரிக்கு 2 புள்ளியேனும் ஒதுக்கலாம். ‘நான் அளக்கவில்லை’ என்னும் வரியைக் கண்டதும் சிவப்பு மையை எடுக்கும் கை, அதே வரிக்குப் புள்ளியிடப் பழகவேண்டியிருக்கும்.