மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு,

சென்ற பெற்றோர் கூட்டத்தில் உங்களில் சிலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டீர்கள். "சயின்ஸ் பீரியடில் பிள்ளைகள் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம், நோட்டில் ஒன்றும் ஏறவில்லை. கேள்வி-பதிலை எழுதிப் போட்டுவிட்டால் நாங்களே வீட்டில் உட்கார்ந்து படிக்க வைத்துவிடுவோமே, டீச்சர்?" அக்கறையோடு கேட்ட கேள்வி. கூட்டத்தின் நடுவே நின்றபடி அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு வகுப்பில் நடந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பாடம் ஒளிச்சேர்க்கை. பச்சையம் உள்ள தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு தமக்கான உணவைத் தயாரிக்கின்றன என்பதை வகுப்பில் எல்லோரும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் காட்டினார்கள். தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண். அதன்பின் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தைக் காட்டிக் கேட்டேன்: "இது ஒரு வேப்பங்கொட்டையிலிருந்து வந்த மரம். இன்றைக்கு வெட்டி எடை போட்டால் லாரியில்தான் ஏற்ற வேண்டும். இவ்வளவு எடையும் எங்கிருந்து வந்தது?" மண், தண்ணீர், வெயில், காற்று என்று நான்கையும் பலகையில் எழுதினேன். யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முதலில் அவரவர் நோட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்றேன்.

கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் மண். மீதிப் பேரில் பெரும்பாலோர் தண்ணீர். காற்று என்றவர்கள் இரண்டு மூன்று பேர்தான், அவர்களுக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. சற்று முன் கார்பன் டை ஆக்சைடு என்று பிழையில்லாமல் எழுதிய அதே பிள்ளைகள்தான் இவர்கள். மனப்பாடம் செய்த வரி தேர்வுக்காகத் தனியே இருக்கிறது. மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற பழைய நம்பிக்கை, யாரும் அதைத் தொடாததால், இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதே பிள்ளைக்குத் தெரியாது.

பக்கத்தில் இருப்பவரிடம் உன் காரணத்தைச் சொல் என்று விட்டேன். சிறிது நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், மண்ணைத் தின்னுதான் வளர்ந்துச்சுன்னா மரத்தைச் சுத்திப் பெரிய பள்ளம்ல இருக்கணும்?" இன்னொருத்தி, "எங்க வீட்ல மணி பிளான்ட் பாட்டில் தண்ணியிலதான் இருக்கு, மண்ணே கிடையாது" என்றாள். வகுப்பு மொத்தமும் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் வான் ஹெல்மான்ட்டின் சோதனையைச் சொன்னேன். பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த இவர், காயவைத்த 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தால் குறைந்திருந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ், ஒரு கைப்பிடி அளவு. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648இல் அச்சான புத்தகத்தில் இது இருக்கிறது.

"பாத்தீங்களா, தண்ணிதான்!" என்று சத்தம். நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "எரிகிற விறகைப் பாதியில் அணைத்தால் என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். கரி என்றார்கள். "தண்ணீரில் கரி இருக்கிறதா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை நான் கலைக்கவில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து அளந்து பார்த்தவர். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடப் பொறுக்காமல் அடுத்த பையனிடம் போய்விடுகிறார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். மூன்று விநாடியாவது காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். டீச்சர் பாடம் சொல்லாமல் சும்மா நின்றார் என்று வீட்டில் கேள்விப்பட்டிருப்பீர்களே, அது இந்த நேரம்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "மிஸ், கார்பன் டை ஆக்சைடுல கார்பன் இருக்குல்ல?" வகுப்பின் தொடக்கத்தில் எல்லோரும் எழுதிய அதே சொல். உடனே மறுப்பும் எழுந்தது: "காத்துக்கு ஏதுடா எடை?" அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "புது சிலிண்டரை அப்பாவே மூச்சுப் பிடிச்சுதான் தூக்குவாரு. காலி சிலிண்டரை நானே உருட்டிட்டு வருவேன். போனது கேஸ்தானே?" என்றான் ஒருவன். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ அடைத்திருப்பார்கள், உள்ளே திரவமாக இருந்து வாயுவாக வெளியேறுகிறது என்று மட்டும் நான் சேர்த்தேன். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அது அத்தனையும் இலைகள் காற்றிலிருந்து எடுத்தது. மண் கொடுத்தது, அடுப்பில் கடைசியாக மிஞ்சும் சாம்பல் அளவுதான்.

வான் ஹெல்மான்ட் கரியையும் எரித்துப் பார்த்தவர். 62 பவுண்டு கரி எரிந்து ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சியது, மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகப் போய்விட்டது என்று அவரே குறித்து வைத்தார். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயு அது. மரமும் அவர் கையில் இருந்தது, வாயுவும் அவர் கையில் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தெரிந்த இரண்டைச் சேர்த்துப் பார்க்க, குறுக்கே ஒரு கேள்வி வேண்டும். நோட்டில் எழுதிப்போடும் பதிலில் அந்தக் கேள்வி இருக்காது.

இப்படிப் பேசவிடுவதால் பலன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாடத்தில் இல்லாத கேள்வியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இருட்டு அலமாரியில் முளைத்த பச்சைப்பயறு நெடுநெடுவென்று வளரும், வெயிலில் முளைத்தது குட்டையாக இருக்கும். வேரோடு எடுத்து இரண்டையும் நன்றாகக் காயவைத்து நிறுத்தால் எது கனம்? வரையறையை மட்டும் படித்த பிள்ளை, உயரமானதுதான் என்று எழுதும். மரத்தின் எடையைப் பற்றி வாதாடிய பிள்ளை, இருட்டில் காற்றிலிருந்து எதையும் சேர்க்க முடியாது, விதையில் இருந்ததையும் கொஞ்சம் செலவழித்திருக்கும், அதனால் நெட்டையானதுதான் லேசு என்று எழுதும்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்பாடும் தனிமங்களின் குறியீடுகளும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு என்ற பெயர் அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் மனதில் இல்லாவிட்டால் அன்றைய வகுப்பு அந்த இடத்திலேயே நின்றிருக்கும். எல்லாப் பாடத்துக்கும் இப்படி ஒரு பீரியடைச் செலவழிக்கவும் முடியாது. எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்வியில் பேச ஒன்றும் இல்லை. ஒருவருக்குமே பிடி கிடைக்காத கேள்வியாக இருந்தால் சத்தமாகப் பேசும் பிள்ளையின் தப்பான பதிலே வகுப்பின் பதிலாகிவிடும், அப்போது நான் நிறுத்திவிட்டு நேரடியாகப் பாடம் நடத்திவிடுவேன். பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்காகத்தான் முதலில் நோட்டில் எழுத வைப்பது. அந்த ஒரு வரியை நான் தினமும் வாசிக்கிறேன். தேர்வுக்கான கேள்வி-பதிலும் பாடம் முடிந்த மறுநாள் நோட்டில் ஏறிவிடும்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன பதில் எழுதிப் போட்டாங்க?" என்பதற்குப் பதிலாக, "நீ என்ன சொன்னே? யாரு ஒத்துக்கல? ஏன்?" என்று கேளுங்கள். தப்பான பதிலைச் சொன்னதாகச் சொன்னாலும் உடனே திருத்தாமல், காரணத்தைக் கேளுங்கள்.

வரும் திங்கட்கிழமைக்கான கேள்வி இது: மெழுகுவர்த்தி முழுக்க எரிந்து தீர்ந்தபின் அந்த மெழுகெல்லாம் எங்கே போனது? உருகி வழிந்தது கொஞ்சம்தான். பிள்ளைகள் உங்களிடம் வந்து கேட்பார்கள். உங்களுக்கு விடை தெரிந்திருந்தாலும் சொல்லிவிட வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்து, பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் அறிவியல் ஆசிரியை