மிஞ்சிப் பார்த்த பாத்தி

சேத்தியாத்தோப்புப் பக்கம் சம்பா வயல்களின் வரப்பில் நடந்தால், யூரியா கூடிப்போன வயல் தானே காட்டிக்கொடுத்துவிடும். பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும். கதிர் பிடித்த பிறகு ஒரு காற்றுக்கே சாய்ந்து படுக்கும். உரம் விளைச்சலை ஏற்றும், ஒரு கட்டத்துக்குப் பின் இறக்கும். இதைக் கணக்கில் எழுதினால் y = a + bN + cN². N தழைச்சத்து, y விளைச்சல். கடைசியில் நிற்கும் இருபடி உறுப்பை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதே கேள்வி.

ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 0, 50, 100, 150, 200 கிலோ தழைச்சத்து. ஒவ்வொரு அளவுக்கும் நான்கு பாத்திகள். சராசரி விளைச்சல் 3.0, 4.4, 5.2, 5.6, 5.3 டன். நேர்கோடு ஒன்றைப் பொருத்தினால், உண்மை விளைச்சல் கோட்டிலிருந்து விலகும் அளவுகள் −0.54, +0.28, +0.50, +0.32, −0.56. இரு ஓரங்களும் கோட்டுக்குக் கீழே, நடுப்பகுதி மேலே. தற்செயலான பிழை இப்படி வில்லாக வளைந்து வரிசை கட்டாது.

கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் போதாது. எந்த உறுப்பைச் சேர்த்தாலும் R² குறையாது என்பதால் அது நல்ல சாட்சி அல்ல. c-யை அதன் திட்டப்பிழையால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரே உரம் போட்ட பாத்திகளுக்குள் 0.3 டன் அளவு ஏற்ற இறக்கம் இருந்தால், குறியை விட்டுவிட்டால் இந்த விகிதம் 7-ஐ நெருங்கும். ஏறத்தாழ 2-ஐத் தாண்டினாலே உறுப்பை வைத்துக்கொள்ளலாம். வளைவின் உச்சி 153 கிலோவில் விழுகிறது. உரத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், லாபம் தரும் அளவு அதற்கும் கீழேதான்.

இனி 150, 200 கிலோ பாத்திகளை அழித்துவிடுவோம். வயல் அதே, ஏற்ற இறக்கமும் அதே. மிச்சமிருக்கும் மூன்று அளவுகளில் அந்த விகிதம் 1.6-தான். விதிப்படி பார்த்தால் இருபடி உறுப்பை நீக்கிவிட்டு நேர்கோட்டோடு நின்றுவிடுவோம். அந்தக் கோடோ, உரம் போடப் போட விளையும் என்று முடிவில்லாமல் சொல்லிக்கொண்டே போகும்.

வயலில் வளைவு இல்லாமல் போகவில்லை. வளையும் இடம்வரை நாம் போகவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஓர் உறுப்பை நீக்கும் முன், அதைக் காட்டக்கூடிய தூரம்வரை சோதனை நீண்டதா என்று கேட்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்று பழமொழி எச்சரிக்கும். அந்த அளவு எது என்று சொல்லாது. அதைச் சொல்ல, சாய்ந்து படுத்தாலும் பரவாயில்லை என்று மிஞ்சிப் போட்டுப் பார்த்த சில பாத்திகள் வேண்டும்.