நாற்பத்தோரு குவளைகள் எங்கே இருந்தன?

ஆய்வு மாணவர்கள் நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சல்களில் ஒன்றுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. “மதிப்பிற்குரிய அம்மா, நேற்றிரவு பெய்த மழையால் களத் தரவு பாழாகிவிட்டது. 120 குவளைகளில் 41 நிரம்பி வழிந்துவிட்டன. மாதிரி எடுக்கும் திட்டத்தைத் திருத்தி அமைக்க அனுமதி வேண்டுகிறேன்.” பணிவான, சுருக்கமான, பொய்யில்லாத கடிதம். ஆனாலும் நெறியாளர் இதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எத்தனை குவளைகள் போயின என்று இருக்கிறது, அவை எங்கே இருந்தன என்று இல்லை. சின்ன விடுபடல்தான். ஆனால் திருத்திய திட்டம் சரியா தவறா என்பதே அதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கு போன்ற ஒரு மலையடிவாரத்தை வைத்துக்கொள்வோம். அக்டோபர் மாதம், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளை. வாழைத்தோட்டத்திலும் அதையடுத்த புதர்க்காட்டிலும் தரையில் திரியும் எறும்புகளை ஒப்பிட வேண்டும். இரண்டிலும் மும்மூன்று வரிசைகள், வரிசைக்கு இருபது குவளைகள். வாய் தரைமட்டத்தோடு ஒட்டியிருக்கும்படி குவளையை மண்ணில் புதைத்து, சோப்பு கலந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, 48 மணி நேரம் விட்டு எடுப்பது வழக்கம். இதைக் குழிப்பொறி என்பார்கள். ஓடுகிற எறும்பு விழும், விழுந்தது மூழ்கும். வாழைத்தோட்டத்தில் பாதிக் குவளைகள் மேட்டுப் பாரிலும் மீதி வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்திலும் இருந்தன என்று கொள்வோம். இரண்டாம் இரவு மழை பெய்கிறது.

நிரம்பி வழிந்தது வானத்துத் தண்ணீராலா, தரையில் ஓடிவந்த தண்ணீராலா என்பதை ஒரு சிறு கணக்குச் சொல்லிவிடும். குவளையின் வாய் விட்டம் 7 செ.மீ. என்றால் வாயின் பரப்பு ஏறத்தாழ 38 சதுர செ.மீ. 25 மி.மீ. மழை அதற்குள் நேராக விழுந்தால் 96 மி.லி. சேரும். 200 மி.லி. குவளையில் முன்பே 75 மி.லி. ஊற்றியிருந்தால் மொத்தம் 171 மி.லி., வழிவதற்கு இன்னும் இடம் இருக்கும். ஆக, அந்த மழையில் ஒரு குவளை வழிந்திருந்தால் அதற்குள் தரைத் தண்ணீர் புகுந்திருக்கிறது. விளிம்பில் படிந்த சேறும் அதையே காட்டும். வழியாத குவளைகளிலும் நீரின் அளவை எடுத்துப் பார்ப்பது நல்லது. 171 மி.லி.யைத் தெளிவாகத் தாண்டிய குவளைக்குள்ளும் பக்கத்திலிருந்து நீர் வந்திருக்கிறது. இந்தக் கணக்குக்குக் களத்திலேயே ஒரு மழைமானி வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொட்டுகிற மழை அடுத்த ஊரில் தூறாமலேகூடப் போகும் என்பதால், தொலைவிலுள்ள நிலையத்தின் அளவு உதவாது.

தரைத் தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்ததும், அந்த நாற்பத்தொன்று எங்கே இருந்தன என்ற கேள்வி கூர்மையாகிறது. தரைத் தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் போகும். வழிந்தவற்றில் 33 வாழைத்தோட்டத்திலும் 8 புதர்க்காட்டிலும் என்று வைப்போம். அந்த 33இல் 27 பள்ளத்தில் இருந்தவை, 6 மட்டுமே மேட்டில். வாழையில் மிஞ்சியது 27 குவளைகள், அவற்றில் 24 மேட்டுப் பாரில். மேட்டில் எறும்புக் கூடுகள் அதிகம் என்பதால் அங்கே குவளைக்குச் சராசரி 30 எறும்பு, பள்ளத்தில் 6 என்று கொண்டால், எல்லாக் குவளைகளும் தப்பியிருந்தால் தோட்டத்தின் சராசரி 18. மிஞ்சியவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தால் 27க்கு மேல். புதர்க்காட்டில் சராசரி 25 என்றால், உண்மையில் குறைவாக எறும்பு நடமாடும் வாழைத்தோட்டம் கணக்கில் முந்திவிடுகிறது. தரவின் ஒரு பகுதி தொலைந்ததோடு இது நிற்கவில்லை, மிஞ்சிய பகுதி வேறொரு தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. சமனற்ற தரவைக் கையாளப் புள்ளியியலில் எப்போதோ வழி கண்டுவிட்டார்களே, மிஞ்சியதை வைத்து ஏன் கணக்கிடக் கூடாது? இதற்குப் பதில் தேடும்போது இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் நினைவுக்கு வருகிறது. 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கும் இடம் அது. ரொனால்ட் ஃபிஷர் 1919இல் அங்கே சேர்ந்து, ஆண்டாண்டாகச் சேர்ந்திருந்த விளைச்சல் கணக்குகளையும் மழைக் கணக்குகளையும் உழைத்துப் பிரித்தார். வயல் சோதனையில் ஒரு பாத்தி அழிந்துபோனால் அதன் விளைச்சலை மற்றப் பாத்திகளிலிருந்து மதிப்பிடும் சூத்திரத்தை ஆலனும் விஷார்ட்டும் 1930இல் வெளியிட்டார்கள். 1933இல் யேட்ஸ் அதைப் பல பாத்திகள் அழிந்த நிலைக்கும் விரித்தார். அந்த வழிமுறையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. சூத்திரம் ஓர் எண்ணைத் தருகிறது, ஆனால் அந்த எண்ணுக்குப் புதுத் தகவலின் மதிப்பைத் தருவதில்லை. கட்டத்தை நிரப்பினாலும் பிழையை மதிப்பிடும் இடத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் அது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. பாத்தி அழிந்ததற்கும் அதன் விளைச்சலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. மாடு மேய்ந்த பாத்தியைச் சூத்திரம் ஈடுகட்டும். அந்த மாடு நன்றாக விளைந்த பாத்தியாகப் பார்த்து மேய்ந்திருந்தால் ஈடுகட்டாது. டொனால்ட் ரூபின் 1976இல் விடுபட்ட தரவு பற்றி எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் முறையாக வகுத்தது. ஒரு தரவு ஏன் விடுபட்டது என்பதை எப்போது புறக்கணிக்கலாம், எப்போது கூடாது என்பதே அதன் கேள்வி. நம் குவளைகள் பள்ளம் என்பதால் போயின, பள்ளம் என்பதாலேயே எறும்பு குறைவு. குவளை ஒவ்வொன்றும் மேட்டிலா பள்ளத்திலா என்று குறித்து வைத்திருந்தால் கணக்கில் ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் பள்ளத்தைப் பற்றிப் பேச மிஞ்சியிருப்பது மூன்றே குவளைகள். மூன்றை வைத்து முப்பதுக்காகப் பேச எந்தச் சூத்திரத்துக்கும் துணிவு வரக் கூடாது.

அப்படியானால் வழிந்த நாற்பத்தொன்றை மட்டும் அடுத்த வாரம் மறுபடி வைத்தால் போதாதா? திருத்தத் திட்டமாக முதலில் தோன்றுவது இதுதான், ஆபத்தானதும் இதுதான். மழைக்குப் பிந்திய மண்ணில் எறும்பின் நடமாட்டமே வேறு. குழிப்பொறி எண்ணுவது எத்தனை எறும்பு வாழ்கிறது என்பதை அல்ல, எத்தனை எறும்பு அந்த வழியே நடந்தது என்பதை. கிரீன்ஸ்லேட் 1964இல் தரைவண்டுகளை வைத்து இந்த வரம்பை எடுத்துக்காட்டினார். புதிதாகக் குழி தோண்டிய சில நாட்களுக்கு எறும்புகள் வழக்கத்தைவிட மிகுதியாக விழும் என்பதையும் 1973இல் காட்டினார். மறுவைப்பில் பெரும்பங்கு வாழைக்குத்தான் போகும். அப்போது வாழை மழைக்குப் பிந்தியும் புதர்க்காடு மழைக்கு முந்தியும் அளக்கப்பட்டதாகிவிடும். பிறகு தெரியும் வேறுபாடு நிலத்தால் வந்ததா, நாளால் வந்ததா, புதுக் குழியால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஆகவே திருத்தத் திட்டம் இரண்டு நிலங்களையும் ஒரே நாட்களில், புதிதாக, சேர்த்தே அளக்க வேண்டும். குவளைகளைப் புதைத்து மூடியிட்டுச் சில நாள் விட்டுவிட்டு, மண் அடங்கிய பிறகு திறக்கலாம். மேலே கூரைபோல ஒரு தட்டை ஆணிகளில் இரண்டு மூன்று செ.மீ. உயர்த்தி நிறுத்தினால் நேர் மழை விழாது. ஆனால் ஓடிவரும் நீரை அது தடுக்காது, தட்டின் நிழலே எறும்பின் போக்கை மாற்றவும் கூடும், அதனால் தட்டில்லாத பழைய கணக்கோடு புதியதைக் கலக்கக் கூடாது. 48 மணி நேரத்தை ஒரே வீச்சாக விடாமல் 24 மணிக்கொருமுறை எடுத்தால் ஒரு மழை ஒரு நாளை மட்டுமே கொண்டுபோகும். எவ்வளவு மழைக்கு மேல் அந்த நாளை இரண்டு நிலங்களிலும் சேர்த்துக் கைவிடுவது என்பதை எண்ணிக்கையைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பார்த்த பிறகு வகுக்கும் விதியில் ஆசை கலந்துவிடும்.

பணமும் நாளும் ஏது என்று நெறியாளர் கேட்கலாம். அப்போது குறைக்க வேண்டியது குவளைகளைத்தான், வரிசைகளை அல்ல. ஒரே வரிசையின் இருபது குவளைகளும் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவற்றை இருபது தனிச் சான்றுகளாக எண்ணுவது போலிப் பெருக்கம் என்று ஹர்ல்பர்ட் 1984இல் எழுதியது இன்றும் பொருந்தும். மூன்று வரிசைகளைக் காப்பாற்றிக்கொண்டு வரிசைக்குப் பத்துக் குவளை என்று இறங்கலாம், மேடும் பள்ளமும் சரிபாதியாக. பழைய குவளைகளையும் வீசிவிட வேண்டாம். வழிந்த குவளையில் கிடந்த எறும்பு அங்கே இருந்த எறும்புதான், அடித்து வரப்பட்டது என்றாலும் அந்தத் தோட்டத்தினது. இனங்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அதில் இல்லாத இனத்தை மட்டும் அங்கே இல்லை என்று எழுத முடியாது.

இவ்வளவையும் கடிதத்தில் எழுதினால் யார் படிப்பார்கள், விவரமெல்லாம் ஆய்வேட்டில் வரட்டுமே என்பது கடைசி மறுப்பு. நெறியாளர்களின் நேரம் குறைவு என்பதை ஏற்கிறேன். ஆனால் முடிவு எடுக்கப்படுவது இப்போது, ஆய்வேடு வருவது இரண்டு ஆண்டு கழித்து. தேவையானது நாலைந்து வரிகள்தாம். “25 மி.மீ. மழை. வழிந்தவை 41: வாழையில் 33, அவற்றில் 27 பள்ளத்தில், புதர்க்காட்டில் 8. மிஞ்சியவை மேட்டுக்குச் சாய்வதால் ஒப்பிட இயலாது. இரு நிலங்களிலும் சேர்த்து, வரிசைக்குப் பத்தாக, தட்டுடன் மறுபடி வைக்க விரும்புகிறேன். இனப்பட்டியலுக்குப் பழையதைப் பயன்படுத்தலாமா என்பதில் உங்கள் கருத்து வேண்டும்.” முதல் கடிதத்தைவிட இது அதிக நீளமில்லை. மன்னிப்பும் இல்லை, மழை மீது பழியும் இல்லை. நெறியாளர் ஒத்துக்கொள்ளவும் மறுக்கவும் இதில் பிடி இருக்கிறது.

இவ்வளவு வாதிட்ட பிறகும் ஒரு கேள்வி எனக்குத் தீரவில்லை. அந்த வாழைப் பள்ளத்தில் அக்டோபர்தோறும் தண்ணீர் நிற்கும் என்றால், தண்ணீர் நிற்பதும் அந்த நிலத்தின் இயல்புதானே? மழையில்லாத நாட்களாகப் பொறுக்கி எடுத்து நாம் அளக்கும் எறும்புக் கூட்டம், அந்த மண்ணில் பருவம் முழுக்க வாழும் கூட்டமா, அல்லது நம் குவளைகளுக்கு ஏற்ற நாட்களில் மட்டும் தெரியும் கூட்டமா? இரண்டு நிலங்களையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் மழை நாட்களை ஒதுக்கத்தான் வேண்டும் என்று என் கணக்கு சொல்கிறது. ஒதுக்கிய அந்த நாட்களில்தான் அந்த நிலங்களின் பெரிய வேறுபாடு இருக்கிறதோ என்ற ஐயத்தை அந்தக் கணக்கால் போக்க முடியவில்லை. திருத்தத் திட்டத்தில் அதற்கு என்ன வரி எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.