வர்ற பதினேழாம் தேதி

குடும்பக் குழுவில் அந்தக் குரல் வந்து சேரும்போது பெரும்பாலும் இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். ஒன்றரை நிமிடப் பதிவு. "எல்லாரும் கொஞ்சம் கவனமா கேளுங்க" என்று நிதானமாகத் தொடங்கும். பேசுகிறவருடைய நண்பரோ நண்பரின் மாமாவோ ஏதோ ஒரு பெரிய ஆய்வு மையத்தில் இருப்பார். அரசாங்கம் வெளியே சொல்லாததை அவர் தம் வீட்டாருக்கு மட்டும் சொல்லியிருப்பார். வர்ற பதினேழாம் தேதி ராத்திரி நிலநடுக்கம். சில சமயம் அது புயலாக இருக்கும். அதை அனுப்பிய பெரியம்மா கீழே ஒரு வரி சேர்த்திருப்பார்: "உண்மையான்னு தெரியல, எதுக்கும் இருக்கட்டும்."

எடைபோட வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். பதிவில் பேசுகிறவர் பொய்யரா, தாமே ஏமாந்தவரா என்பது கேட்கிறவருக்குத் தெரிய வழியில்லை. பெரியம்மாவைத் தெரியும். யாரையும் பயமுறுத்துவது அவர் நோக்கமல்ல. பொய்யாகப் போனால் ஓர் இரவுத் தூக்கம் கெடும், மெய்யாக இருந்தால் குடும்பமே தப்பும் என்பது அவர் போடும் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இதே கணக்கை ஒருமுறை இந்திய அரசே போட்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்தில் இன்னும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 30 அன்று, மறுபடியும் பேரலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் கடலோர மாநிலங்களை எச்சரித்தது. அதற்கு ஆதாரம் எந்தக் கருவியும் காட்டிய அளவீடு அல்ல. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம், பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தது, அவ்வளவுதான். கரையில் இருந்தவர்கள் உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். மீட்புக்கு வந்தவர்களும் ஓடினார்கள், வேலை நின்றுபோனது. அன்றே அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர் கபில் சிபல் அந்தக் கணிப்புக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று மறுத்தார். அலை வரவில்லை.

அமைச்சகத்தை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நான்கு நாளுக்கு முன் எச்சரிக்காமல் விட்ட குற்ற உணர்வு அங்கே இருந்திருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் நடந்தது ஒரு ஃபார்வர்டுதான்: எங்கிருந்தோ வந்ததை, சோதிக்காமல், தன் முத்திரையோடு கைமாற்றிவிட்டது. பெரியம்மாவின் கணக்கில் விடுபட்டுப்போவது எது என்று அந்த ஒரு நாளைப் பார்த்தால் தெரியும். பொய் எச்சரிக்கையின் விலையை அதை அனுப்பியவர் கொடுப்பதில்லை. பிள்ளையின் உடலைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் தேடலைப் பாதியில் விட்டு ஓட வேண்டியிருந்தது என்றால், அதை "ஒரு இரவுத் தூக்கம்" என்ற வரியில் எழுதிவிட முடியாது.

அப்படியானால் அதிகாரப்பூர்வமாக வராத எதையும் நம்பக் கூடாது, அனுப்பக் கூடாது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதே டிசம்பர் 26 காலையில், பாண்டிச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், நிலநடுக்கத்தையும் பேரலையையும் பற்றிய செய்தி அறிந்து வீட்டைக் கூப்பிட்டார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் ஊரைக் கூப்பிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள். அன்று அரசு எதுவும் சொல்லவில்லை. இந்தியாவுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் தொடங்கியதே 2007-இல்தான். ஒரு குடும்பக் குரல்தான் அந்த ஊரைக் காப்பாற்றியது.

நான்கு நாள் இடைவெளியில், ஒரே கடற்கரையில், ஒரு வீட்டு அழைப்பு ஊரைக் காத்தது, ஓர் அரசு எச்சரிக்கை ஊர்களை அலைக்கழித்தது. ஆகவே சொன்னது யார், அரசா உறவா என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து பேசியவர் நடந்துவிட்ட ஒன்றைச் சொன்னார். கடலுக்கடியில் நிலம் அன்று காலை ஆறரை மணிவாக்கில் அதிர்ந்துவிட்டது, அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில்தான் எச்சரிக்கைக்கு இடம் இருந்தது. மேலும் அவர் இன்னார் மகன் என்று ஊருக்குத் தெரியும். "நீ எங்க கேட்ட? யாரு சொன்னா?" என்று அவரைத் திருப்பிக் கேட்க முடிந்தது. டிசம்பர் 30 எச்சரிக்கை நடக்காத ஒன்றைப் பற்றியது. அதன் ஊற்றை நாகப்பட்டினத்தில் ஒருவராலும் கேள்வி கேட்டிருக்க முடியாது.

குழுவில் வரும் பதிவையும் இப்படித்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிலநடுக்கம் என்றால் வேலை சுலபம். நாள், இடம், அளவு மூன்றையும் குறித்து ஒரு பெரிய நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எவரிடமும் இல்லை. சீனாவில் 1975-இல் ஹைச்செங் நகர மக்களை முன்னதாகவே வெளியேற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே பெரிய அதிர்வுக்கு முன் சிறு அதிர்வுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டே தாங்ஷானில் அப்படி எந்தக் கணிப்பும் இல்லாமல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அமெரிக்காவில் பார்க்ஃபீல்ட் என்ற இடத்தில் ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை நிலம் அதிர்ந்துவந்ததால், அடுத்தது 1993-க்குள் வரும் என்று அறிவியலாளர்களே சொல்லி, கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். அது 2004-இல் வந்தது. உலகிலேயே மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்ட நிலத்துண்டு பதினோரு ஆண்டு பிந்தியது. குரல் பதிவுக்கு மட்டும் ராத்திரி எத்தனை மணி என்று கூடத் தெரிகிறது!

"போன தடவை சொன்னது நடந்ததே" என்பார்கள். ரிக்டர் 6-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்கு நூறுக்கு மேல் வருகின்றன. சராசரியாக மூன்று நாளுக்கு ஒன்று. ஆசியாவில் இந்த வாரம் நிலம் அதிரும் என்று எந்த வாரம் சொன்னாலும் ஏதோ ஒரு தீவு கைகொடுத்துவிடும்.

புயல் அப்படியல்ல, இங்கேதான் குழப்பம். புயலை முன்கூட்டிச் சொல்ல முடியும். அதனால் பதிவில் பாதி மெய் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அந்த மெய்க்கு ஒரு நடை உண்டு. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, பிறகு தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்ட பிறகே புயல். பெயர் முன்பே பட்டியலில் இருந்தாலும், அந்தப் பெயரைச் சூட்டுவது அப்போதுதான். இன்னும் உருவாகாத புயலுக்குப் பெயரும் கரையேறும் ஊரும் நாளும் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு பதிவு சொல்கிறது என்றால், அதை மேலே கேட்க வேண்டியதில்லை.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்த விதத்தை நினைத்துப் பார்க்கலாம். புயலாகும் என்று வானிலை ஆய்வு மையம் முதலில் சொன்னது. நாள் தள்ளிப்போனது. 28-ஆம் தேதி, புயலாகாமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றது. மறுநாள் பிற்பகல் அது புயலாகிவிட்டது. 30-ஆம் தேதி இரவு பாண்டிச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் அங்கே 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. மையத்தைக் கேலி செய்து அந்த வாரம் எத்தனையோ மீம்கள். ஆனால் அந்தத் தடுமாற்றம் மொத்தமும் நேரம் குறித்த அறிக்கைகளாகப் பதிவில் இருக்கிறது. எந்த அறிக்கை எப்போது மாறியது என்று இன்றும் எடுத்துப் பார்க்கலாம், திட்டலாம். குரல் பதிவு ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. "வர்ற பதினேழு" என்கிறதே தவிர, எந்த மாதம் என்று சொல்வதில்லை. அது எப்போது பேசப்பட்டது என்பதும் தெரியாது. கைபேசியில் தெரிவது நமக்கு வந்து சேர்ந்த நேரம் மட்டுமே. மூன்று வருடப் பழைய குரல் நேற்றுப் பேசியதுபோலக் கேட்கும்.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருப்பார். ஒரு மருமகள், அல்லது கல்லூரிக்குப் போகும் பேரன். அவர்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். இந்த மௌனத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் தெரியாமல் அனுப்பியவரைவிடத் தெரிந்தும் பேசாதவர் பொறுப்பு குறைந்தவர் என்று சொல்ல முடியவில்லை. பெரியவரை எல்லார் முன்னாலும் திருத்துவது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் தரப்பு. அதிலும் நியாயம் உண்டு. முப்பது பேர் பார்க்க "பெரியம்மா, இது ஃபேக்" என்று போட்டால் பெரியம்மா அடுத்த முறை எதையும் அனுப்பாமல் இருக்கலாம், மெய்யான ரெட் அலர்ட்டைக்கூட. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அவர் மனம் நோகாது, ஆனால் பதிவைக் கேட்ட மற்றவர்களிடம் பயம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: தனியாகப் பேசி, "நான் விசாரிச்சேன், அது உண்மையில்லையாம்" என்று பெரியம்மாவையே குழுவில் போடச் சொல்வது. அழித்துவிடுவது போதாது. "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி பயத்தைக் கூட்டத்தான் செய்யும், அதற்குள் வேறு குழுக்களுக்குப் போன பிரதிகளையும் அது தொடாது.

சட்டம் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 54-ஆம் பிரிவு, பீதியை உண்டாக்கும் பொய் எச்சரிக்கையை உருவாக்கியவருக்கும் பரப்பியவருக்கும் ஒரே தண்டனையைச் சொல்கிறது: ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். பெரியம்மாவைச் சிறையில் போட யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். ஆனால் கைமாற்றுவதும் ஒரு செயல்தான் என்று அந்தப் பிரிவு எண்ணுகிறது. "நான் சொல்லல, வந்ததை அனுப்பினேன்" என்பதை அது தனிக் கணக்காக வைக்கவில்லை.

பதினேழாம் தேதி இரவு பாதி வீடு முழித்திருக்கும். பதினெட்டாம் தேதி காலை, பூப்படத்தோடு "இனிய காலை வணக்கம்" வரும், கட்டைவிரல்கள் உயரும், யாருக்கோ பிறந்தநாள். முந்தின இரவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. குழுவில் இல்லாத பாட்டிக்கு அந்தப் பதிவை யாரோ ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டார்ச் லைட்டும் மாத்திரைப் பையும் இன்னும் அவர் தலையணைக்கு அடியில்தான் இருக்கின்றன.