கன்னத்தில் வைத்த கை

பிடித்த புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, கேமரா எந்த உயரத்தில் இருந்தது, விளிம்பு எங்கே வெட்டுகிறது என்று துப்பறிந்து, பிறகு அதே முறையில் நானும் ஒன்று எடுத்துப் பார்ப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். இதில் தப்பு ஏதும் இருப்பதாகப் போன வருஷம் வரை தோன்றியதில்லை. கோலம் கற்கிறவள் அம்மா போட்ட கோலத்தின் மேலேயேதானே முதலில் கை ஓட்டுகிறாள்?

போன வருஷம் நான் எடுத்துக்கொண்டது டோரதியா லாங்கின் ‘மைக்ரண்ட் மதர்’. 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலை இல்லாமல் போன கூலிகளின் முகாமில் எடுத்த படம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு தாய், கை கன்னத்தருகே. இரண்டு தோளிலும் முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பிள்ளைகள். மடியில் கைக்குழந்தை.

முதலில் வெளிச்சம். ஒரு முகப்படத்தில் நான் முதலில் பார்ப்பது மூக்கின் நிழலையும் கண்குழிகளையும்தான். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல இருந்தால் நேர் வெயில். கரைந்து போயிருந்தால் மேகமோ, பெரிய ஜன்னலோ. இந்தப் படத்தில் ஓரங்கள் கரைந்திருக்கின்றன. மேகமூட்டம் என்று அதோடு விட்டிருப்பேன், ஆனால் ஒன்று இடித்தது. மேகம் மூடிய நாளில் திறந்தவெளியில் ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள். வெளிச்சம் பெரும்பாலும் உச்சியிலிருந்து இறங்குவதால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும். இந்தத் தாயின் கண்கள் அப்படி இல்லை, நெற்றிச் சுருக்கம் வரை தெரிகிறது. அவர் உட்கார்ந்திருப்பது கூடாரத்தின் வாசலில். தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சத்தைக் கூடாரத் துணி தடுத்துவிட, முன்னால் இருக்கும் வானம் மட்டும் முகத்தில் விழுகிறது. என் கணிப்பு இது.

அடுத்தது உயரம். லாங்கிடம் இருந்தது கிராஃப்ளெக்ஸ். அதன் மேலே ஒரு தோல் கூண்டு இருக்கும், அதற்குள் குனிந்து பார்த்துத்தான் படத்தை அமைக்க வேண்டும். அதனால் கேமரா கண்ணுக்கு நேரே போகாது, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் நிற்கும். உட்கார்ந்திருப்பவரின் முகமும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். நின்றுகொண்டே எடுத்தாலும் அவரைக் கீழே போட்டுப் பார்க்கிற பார்வை வராது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

கும்பகோணத்துப் பக்கம் என் பெரியம்மா வீட்டில் ஓட்டுத் திண்ணை உண்டு. கூடார வாசலுக்கு அதைவிட நல்ல மாற்று வேறென்ன? பெரியம்மாவை முதலில் முற்றத்தில் உட்கார வைத்தேன், எதிர்பார்த்தபடியே கண்குழி இருண்டது. திண்ணைக்குள் இரண்டடி தள்ளி உட்கார வைத்ததும் கண் திறந்துகொண்டது. போனை என் கண்ணுக்கு நேரே பிடித்தபோது அவர் குட்டையாகி, ஏதோ கேட்டு அண்ணாந்து பார்ப்பவர்போல ஆனார். வயிற்று உயரத்துக்கு இறக்கினேன். கிட்டே போனால் மூக்கு பெருக்கிறது, அது போன் லென்ஸின் குணம். ஆறடி பின்னால் வந்து 2x வைத்தேன். சரியாக வந்தது.

மிச்சம் இருந்தது சட்டகம். பேரன் பேத்தி இரண்டு பேரையும் கூப்பிட்டு, பாட்டி தோளில் சாய்ந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன்.

“ஏன்டா தம்பி, புள்ளைங்க மூஞ்சியக் காட்டாம எதுக்கு போட்டோ?”

“சும்மா இருங்க பெரியம்மா. கைய மட்டும் கன்னத்துகிட்ட கொண்டு போங்க.”

“கப்பலா கவுந்துபோச்சு, கன்னத்துல கை வைக்க?”

வைத்தார். எடுத்தேன். கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் அசந்துவிட்டேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து அக்காவின் போன்.

“எங்கம்மாவ எதுக்குடா பிச்சைக்காரி மாதிரி எடுத்து வச்சிருக்க? அவங்களுக்கு என்ன கொறச்சல்?”

ஒரு குறைச்சலும் இல்லை. ஆறு ஏக்கர் நிலம், பென்ஷன், காலையில்தான் பால்காரரோடு சண்டை போட்டு ஜெயித்திருந்தார். படத்தில் இருந்த துக்கம் பெரியம்மாவுடையது அல்ல. அது முழுக்க நான் போட்ட அமைப்பிலிருந்து வந்தது.

அப்புறம்தான் லாங் அன்று எடுத்த மற்றப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். தூரத்திலிருந்து தொடங்கிக் கிட்டே போயிருக்கிறார். அகலமான படத்தில் கூடாரம் முழுக்கத் தெரிகிறது, டிரங்குப் பெட்டி இருக்கிறது, ஆடுநாற்காலியில் வளர்ந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நெருங்க நெருங்க எல்லாம் வெளியே போகிறது. கடைசிப் படத்தில் கீழே வலது மூலையில் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் மிச்சம் இருந்தது, சில வருஷம் கழித்து நெகடிவிலேயே அதையும் மங்க வைத்துவிட்டார்கள். பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கே பின்னால் எழுதியிருக்கிறார். காரின் டயரை விற்றுச் சாப்பாடு வாங்கினார்கள் என்றும் எழுதினார். நாங்கள் டயர் விற்கவே இல்லை என்றது குடும்பம். ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 1978-ல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, எடுத்திருக்கவே வேண்டாம் என்கிற வருத்தம் அவருக்கு இருந்தது.

லாங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. மீள்குடியேற்ற நிர்வாகம் என்ற அரசுத் துறைக்காக வேலை பார்த்தவர். பட்டினியை அதிகாரிகள் நம்பும்படி காட்டவேண்டியது அவர் வேலை. படங்கள் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு போனது. தாம்ப்சன் குடும்பம் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது என்பது வேறு கதை. ஆடுநாற்காலியை வெளியே தள்ளியதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பேத்தியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியதற்கு என்னிடம் என்ன இருந்தது?

இங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். ஓட்டுக்குக் கீழே உட்கார வைத்தால் கண் துலங்கும் என்பது யாருக்கும் பொது. அதை லாங்கிடமிருந்து எடுத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எதை விடுவது என்பது, அந்த இடத்தில் அந்த ஆளைப் பற்றி ஒருவர் செய்த முடிவு. நான் கணக்கின் வழியைக் கற்றுக்கொள்வதாக நினைத்துக்கொண்டு விடையைக் காப்பி அடித்திருக்கிறேன். அந்த விடைக்குப் பெரியம்மா பொருந்தும்படி அவரை வளைத்திருக்கிறேன். இந்தக் கோடு இவ்வளவு சுத்தமாக விழுமா என்பதும் சந்தேகம்தான். கேமராவின் உயரம் வெறும் கருவி விஷயமா? ஒருவரை மேலிருந்து பார்ப்பதா நேரே பார்ப்பதா என்பதும் அவரைப் பற்றிய முடிவுதானே?

படத்தைக் குழுவிலிருந்து நீக்கினேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது மறுபடி திண்ணை, அதே இரண்டடி, அதே வயிற்று உயரம். எப்படி உட்காருவது என்பதைப் பெரியம்மாவிடமே விட்டேன். உள்ளே போனவர் அரக்குப் பட்டுப் புடவையில் வந்தார். பேரனையும் பேத்தியையும் லென்ஸைப் பார்க்கச் சொல்லி அதட்டினார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார், ஸ்டுடியோவில் எடுப்பதுபோல. பின்னால் சைக்கிளும் தண்ணீர்க் கேனும் தெரிந்தன. சைக்கிளை நகர்த்தச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

படமாக அது சுமார்தான். முந்தினதில் பாதிகூட இல்லை. கண்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன.

பெரியம்மா இரண்டையும் வாங்கிப் பார்த்தார். பட்டுப் புடவைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார். கன்னத்தில் கை வைத்திருந்ததைக் கொஞ்ச நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா மாதிரியே இருக்கேன்டா இதுல. இதையும் ஒண்ணு சின்னதா போட்டுக் குடு. ஒங்கக்காகிட்ட சொல்லாத.”

போட்டுக் கொடுத்தேன். பீரோவுக்குள் எங்கேயோ வைத்திருக்கிறார்.