24 ரூபாய்க்கு இரண்டு நாள்

சப்மிஷனுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு மேல் மாணவரிடமிருந்து வரும் மின்னஞ்சலில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும். காய்ச்சல், லேப்டாப் ஆன் ஆகவில்லை, ஊரில் ஒரு துக்கம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். புராஜெக்ட் எண்பது சதவீதம் முடிந்துவிட்டது, ஒரு வாரம் தந்தால் போதும் என்ற வேண்டுகோளோடு முடியும். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் எங்களில் பலருக்கு இது பழகிப்போன கடிதம். இரக்கப்படுகிறவர்கள் கொடுத்துவிடுவார்கள். கறாரானவர்கள் மருத்துவச் சான்று கேட்பார்கள். காரணம் எவ்வளவு சோகமானது என்பதைப் பார்த்தே இரு தரப்பும் முடிவெடுக்கின்றன.

எனக்கு உறுத்துவது அந்த எண்பது சதவீதம்தான். நல்லூரிலிருந்து காங்கயம் போகும் ரோட்டில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்து கேட்டாலும் இப்படி ஒரு பதில் வராது. ஆர்டர் பிந்துகிறது என்றால் மெர்ச்சண்டைசர் பையருக்கு எழுதும் மெயிலில் எத்தனை பீஸ் பேக்கிங் முடிந்தது, எத்தனை தையலில் இருக்கிறது, எந்தக் கலர் துணி இன்னும் சாயப்பட்டறையிலிருந்து வரவில்லை என்று தனித்தனியாக இருக்கும். லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் போட்ட கடைசி ஷிப்மென்ட் தேதி ஒரு நாள் தாண்டினாலும் வங்கி அதைக் குறையாக எழுதிவிடும். அதனால் தேதி முடிவதற்கு முன்பே திருத்தம் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் கைக்காசு போட்டு விமானத்தில் அனுப்புவார்கள். காய்ச்சலைப் பற்றி அந்த மெயிலில் யாரும் எழுதுவதில்லை.

என் மாணவர்களில் பலர் இந்தக் கம்பெனிகளின் பிள்ளைகள். சிலர் லீவு நாளில் செக்கிங் டேபிளில் நிற்பவர்கள். ஷிப்மென்ட் நெருக்கடி எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வாத்தியாருக்கு எழுதும்போது மட்டும் பாக்கி வேலையை விட்டுவிட்டுக் காய்ச்சலை எழுதுகிறார்கள்.

அப்படி எழுதிய ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். தையல்காரர்களின் பீஸ் ரேட் கூலியைக் கணக்கிடும் பைதான் நிரல்தான் அவன் புராஜெக்ட். மெயிலில் காய்ச்சல் என்றிருந்தது. மறுநாள் காலை ஆள் தெம்பாகவே வந்து நின்றான். “காய்ச்சல் கிடக்கட்டும் தம்பி, எது ஓடலை?” என்றேன். கொஞ்ச நேரம் தயங்கினான். “எல்லாம் ஓடுதுங்க சார். ஆனா அம்மா கணக்குக்கு வரமாட்டேங்குதுங்க” என்றான்.

அவன் அம்மா டீ-ஷர்ட்டுக்குக் கை ஏற்றும் தையல்காரர். பீஸுக்கு 1.15 ரூபாய். தினமும் முடித்த பீஸ்களை ஒரு டைரியில் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. நாளுக்கு 400 வீதம் ஆறு நாளுக்கு 2,400 பீஸ். கூலி 2,760 ரூபாய். மகனுடைய நிரல் 2,736 என்றது. 24 ரூபாய் குறைவு. மற்றவர்களின் ரேட்டுகளான 0.75, 1.25, 1.50 எல்லாவற்றுக்கும் கணக்கு பைசா பிசகாமல் வந்தது. அம்மாவுக்கு மட்டும் உதைத்தது.

ரேட்டைப் பைசாவாக மாற்றும் வரி இதுதான்:

```python
paise = int(1.15 * 100)   # 114
```

கம்ப்யூட்டர் பின்னங்களை இரண்டின் அடுக்குகளாகத்தான் வைத்துக்கொள்ளும். முக்கால், ஒன்றேகால், ஒன்றரை எல்லாம் அரை, கால்களாகப் பிரிவதால் துல்லியமாக உட்காரும். 1.15 அப்படிப் பிரியாது. உள்ளே அது ஒரு மயிரிழை குறைவாகவே நிற்கிறது. நூறால் பெருக்கினால் 114.99999999999999 வருகிறது. `int` அதைக் கிட்டத்து எண்ணுக்குக் கொண்டுபோகாமல், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுகிறது. பீஸுக்கு ஒரு பைசா போயிற்று. இது 1.15-க்கு நடக்கும், 1.25-க்கு நடக்காது என்பதால் நான்கைந்து ரேட் போட்டுப் பார்ப்பவர் கண்ணில் படாமலே போகலாம்.

தீர்வு சின்னதுதான்:

```python
from decimal import Decimal
paise = int(Decimal("1.15") * 100)   # 115
```

மேற்கோள் குறியை விட்டுவிட்டு `Decimal(1.15)` என்று எழுதினால் ஏற்கெனவே குறைந்துபோன எண்ணே உள்ளே போகும், மறுபடி 114-தான். அவன் இரவெல்லாம் இங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அது போக, டேட்டாபேஸில் ரேட்டும் கூலியும் பின்னமாகப் பதிந்து கிடந்தன. அவற்றை முழுப் பைசாவாக மாற்றி, பழைய வாரங்களையெல்லாம் திரும்பக் கணக்கிட்டு, அம்மாவின் டைரியோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவனே சொன்னான்: “ரெண்டு நாள் போதுங்க சார்.” முந்தின இரவு ஒரு வாரம் கேட்டவன். எவ்வளவு பாக்கி என்று தெரியாத பயத்தில்தான் ஒரு வாரம் கேட்டிருக்கிறான்.

இதை ஏன் மெயிலில் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “தப்பு இருக்குன்னு எழுதினா மார்க் போயிருங்களே சார்” என்றான். அவன் பயம் நியாயமானது. காய்ச்சலுக்கு இரக்கமும் பிழைக்குத் தண்டனையும் கிடைக்கிற இடத்தில் புத்தியுள்ளவன் காய்ச்சலைத்தான் எழுதுவான். மார்க் ஷீட்டின் கணக்கும் அப்படித்தான். நேரத்துக்குக் கொடுத்த மற்றவர்களின் நிரல்களில் இதே வெட்டு இருந்திருக்கலாம். அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க டைரி இல்லை. சரிபார்த்தவனுக்குத்தான் அவகாசம் தேவைப்பட்டது.

இரண்டு நாள் கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்க எனக்கும் வழியில்லை. இன்டர்னல் மார்க்கை ஏற்றும் தேதிக்கு ஆசிரியரும் கட்டுப்பட்டவரே. ஆனால் அந்த இரண்டு நாளோடு விஷயம் முடியவில்லை. அதே வகுப்பில் ஒரு பெண் ரிப்போர்ட் பக்கமே இல்லாமல் பாதி நிரலைக் குறித்த நேரத்தில் கொடுத்திருந்தாள். வீட்டில் செக்கிங் வேலை எடுத்துச் செய்கிறார்கள், இரவில் இவளும் உட்கார வேண்டும். ஏனம்மா டைம் கேட்கவில்லை என்றால், “கேக்கலாம்னே தெரியாதுங்க சார்” என்றாள். கேட்கத் தெரிந்தவனுக்குக் கருணை, தெரியாதவளுக்குப் பாதி மார்க் என்றால் அதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அதே இரண்டு நாளைக் கொடுத்தேன். ஏற்கெனவே முழுதாக முடித்துக் கொடுத்த இன்னொருவன் முகம் சுளித்தான். அவனும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டுப் பிள்ளைதான். அவன் சுளிப்பிலும் நியாயம் இருந்தது.

ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களின் கம்ப்யூட்டர் பாடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் சில தாமத நாட்களைப் பருவத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவார்கள். காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அதைப் பின்பற்றி நானும் மூன்று நாள் என்று வைத்தேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எந்த உள்ளீட்டுக்கு என்ன வெளியீடு தப்பாக வருகிறது என்று எழுத வேண்டும். இதுவரை செய்ததை அப்படியே இணைத்து அனுப்ப வேண்டும். நிஜமான துக்கமும் நோயும் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கு நேரில் வந்து சொன்னால் போதும், சான்று கேட்பதில்லை. ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றட்டும். நிஜமாகவே பாட்டியை இழந்து வந்து நிற்கும் பிள்ளையிடம் காகிதம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஏற்பாடு கச்சிதமாக ஓடுகிறது என்று சொல்லமாட்டேன். இந்தப் பருவத்தில் ஒருவன் முதல் பயிற்சியிலேயே மூன்று நாளையும் காலி செய்துவிட்டு நான்காவது நாளுக்கு மெயில் போட்டிருக்கிறான், தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டதாம். பாக்கிப் பத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.