கையிலிருக்கும் இடமும் அடுத்த வருஷமும்

நீட் பரீட்சை எழுதி, எம்.பி.பி.எஸ். கிட்டாமல் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள், அதை ஏற்பதா, இன்னொரு வருஷம் படித்து மறுபடி எழுதுவதா என்று மனம் குழம்பி நிற்பதை அநேக வீடுகளில் காண்கிறேன். என் தங்கை மகனும் இதே யோசனையோடு என்னிடம் வந்தான். "இன்னும் அறுபது மார்க் எடுத்தால் போதும், மாமா" என்றான்.

அறுபது போதும் என்று யார் நிச்சயிப்பது? 2024-இல் திருத்தி வெளியிட்ட முடிவின்படி 720-க்கு 720 பெற்றவர்கள் 17 பேர். மறு வருஷம் வினாத்தாள் கடினமாகிவிடவே, முதலிடம் பெற்றவரே 686-இல் நின்றார். ஆகையால் மார்க்கை விட்டுவிட்டு, தன் வகுப்பில் கடைசியாக எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவருக்கும் தனக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்ப்பதே உசிதம்.

அடுத்து, அவன் விடைத்தாளின் பிரதியை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 180 கேள்விகளில் சரியானவை 120, தவறு 45, எழுதாமல் விட்டவை 15. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்ற கணக்கில் 435 மார்க். அந்த 45 தவறுகளும் ஒரே ஜாதியல்ல. பாடமே தெரியாமல் பிழைத்தவை, அரைகுறையாகத் தெரிந்து ஊகித்தவை, நன்றாகத் தெரிந்தும் அவசரத்தில் தவறியவை என்று மூன்றாகப் பிரித்தோம். தெரியாததை ஒரு வருஷப் படிப்பு நிச்சயம் நிவர்த்திக்கும். ஊகத்தை அடக்கினால் கேள்விக்கு ஒரு மார்க் மிஞ்சும். அவசரப் பிழை ஒன்று திருந்தினால் ஐந்து மார்க் லாபம். ஆனால் 180 நிமிஷத்தில் 180 கேள்வி என்ற நெருக்கடியில் பிறக்கும் அந்தப் பிழை, அதே புத்தகத்தை மறுபடி படிப்பதால் மட்டும் ஒழிவதில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுத் தேர்வுகளை எழுதிப் பழகினாலன்றி அது மறு வருஷமும் கூடவே வரும். அவனுடைய தவறுகளில் பெரும்பாலானவை பௌதிகத்தில் அவன் படிக்காமலே விட்டுவிட்ட பாடங்களைச் சேர்ந்தவை. வருஷத்தைச் செலவிட நியாயமான காரணம் அவனுக்கு இருந்தது.

இன்னொன்றையும் கேட்டேன்: "அடுத்த வருஷமும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், இதே பல் மருத்துவ இடம் வந்தால் சேருவாயா?" நீட் மார்க் அந்தந்த வருஷச் சேர்க்கைக்கே செல்லும், இப்போது விட்ட இடத்தைப் பழைய மார்க்கைக் காட்டிப் பின்னர் கேட்க முடியாது. 'சேருவேன்' என்பவன், இன்று கைக்கெட்டியதையே பணயம் வைக்கிறான். அவன் பிரயாசை எவ்வளவு பலிக்கும் என்று நன்றாக எடைபோட வேண்டும். 'மாட்டேன்' என்பவனுக்கு அந்த இடத்தை இழப்பதில் நஷ்டமில்லை. அவன் முதல் சுற்றிலேயே விலகிவிடுவதுதான் முறை, ஏனெனில் பிந்தைய சுற்றுகளில் விலகினால் கட்டிய பணமும் போகும், காத்திருக்கும் வேறொருவனுக்கும் தாமதமாகும்.

அவன் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, 'சேரமாட்டேன்' என்றான். பௌதிகப் பாடங்களின் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டுதான் நான் சம்மதித்தேன்.